கண்ணுக்கில்லை, காதுக்கு: சீகிரியாப் பயணத்துக்கு ஒரு நொடிப் புத்தகம்

நீண்ட பயணத்துக்குப் புதிர்ப் புத்தகம் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வயசுப் பிள்ளைக்கு?" என்பதுதான். ஆறு வயதுப் பொடியனும் எழுபத்தெட்டு வயது அம்மம்மாவும் ஒரே வானில் போகும்போது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக நான் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: இந்தப் புத்தகத்தைப் பார்த்தால்தான் விளையாடலாமா, இல்லை கேட்டாலே போதுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து சீகிரியாவுக்குப் போக, A9 வீதியில் தம்புள்ளை வரைக்கும் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பிறகு திருகோணமலைப் பக்கம் போகிற வீதியில் இனாமலுவ வரை போய்த் திரும்பவேண்டும். இடையில் நின்று நின்று போனால் ஆறு, ஆறரை மணித்தியாலம். எங்கள் வானில் பத்துப் பேர். அம்மம்மா, அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா, அவர்களின் ஆறு வயது மகன், ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா, மாமி, அவர்களின் பதினாலு வயது மகள், பிறகு நான். மச்சாளுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கத்தான் கூச்சம். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வந்து இரண்டு கிழமையாக அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு "சாப்பிட்டியா?", "ஓம்" என்பதோடு நின்றிருந்தது. ஆறு மணித்தியாலம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கப்போகிறார்கள். அதனால்தான் எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோவது என்பது எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

பார்க்கவேண்டிய புத்தகம் ஏன் சரிவராது

கடையில் இருக்கிற புதிர்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் கண்ணுக்கானவை. குறுக்கெழுத்து, சுடோக்கு, ஆறு வித்தியாசம், எழுத்துக் கட்டத்துக்குள் சொல் தேடுவது எல்லாம் அந்த வகை. வீட்டு மேசையில் இவை அருமையானவை. ஓடுகிற வானுக்குள் மூன்று காரணங்களால் படுத்துவிடும்.

முதலாவது தலைச்சுற்று. வான் வளையும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் உள்காது "அசைகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். கண் பக்கத்தில் நிலைத்திருந்தால் அது "அசையவில்லை" என்று சொல்லும். இரண்டும் முட்டும்போதுதான் குமட்டல் வருகிறது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு இது கூட. பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, கொட்டாவி விட்டு, முகம் வெளிறினால் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் இருக்கிற எதையாவது பார்க்கச் சொல்லவேண்டும். சத்தி எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, புத்தகம் ஒன்று, ஆட்கள் பத்து. கட்டத்தைப் பார்க்கிறவர் மட்டும்தான் விளையாடுவார். மற்றவர்கள் யன்னலைப் பார்ப்பார்கள், இல்லை ஃபோனைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, தமிழ்க் குறுக்கெழுத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் வரக்கூடிய எழுத்து 26. தமிழில் ஒரு கட்டத்துக்குள் 'கி' என்றால் 'கி' முழுசாக வரும். 247 எழுத்தில் ஏதோ ஒன்று. மேலிருந்து வருகிற சொல்லும் இடமிருந்து வருகிற சொல்லும் அதே எழுத்தில் சந்திக்கவேண்டும். 'க்' உம் 'கி' உம் ஒன்றையொன்று வெட்டமுடியாது. ஆகவே தமிழ்க் கட்டங்களில் சொற்கள் சந்திக்கிற இடங்கள் குறைவு, ஒரு சொல்லைக் கண்டுபிடித்தது அடுத்த சொல்லுக்குக் கொடுக்கிற உதவியும் குறைவு. கட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் சமாளிக்கலாம். வாயால் சொல்லி விளையாட அது ஏற்றதில்லை.

ஆனால் குறுக்கெழுத்தின் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். "நாலெழுத்து, 'க'வில தொடங்கும், முறிகண்டியில விக்கும்" என்று கேட்டால் கட்டமே தேவையில்லை. விடை கச்சான். இதற்கு முதல் எல்லோரும் ஒரு விதியை ஒத்துக்கொள்ளவேண்டும்: புள்ளி வைத்த எழுத்தும் ஒரு எழுத்துத்தான். க, ச், சா, ன் என்று நாலு. இதைச் சொல்லாமல் தொடங்கினால் முதல் பத்து நிமிசமும் சண்டையில்தான் போகும்.

காதுக்கான புத்தகத்தைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது

மிச்சம் இருப்பது விடுகதைப் புத்தகங்கள். எங்கள் ஊரில் நொடி என்போம். மெல்லிய, மலிவான, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று போடப்படுகிற புத்தகங்கள். எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் வானுக்குள் வேலை செய்கிறதும் செய்யாததும் உண்டு. கடையில் நின்றபடியே நாலு விசயம் பார்க்கலாம்.

விடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேள்விக்குக் கீழேயே விடையைப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் குறை சொல்வார்கள். தனியே இருந்து விளையாடுகிறவருக்கு அது குறைதான். வானுக்குள் அதுதான் வசதி. ஒருவர் வாசிக்கிறார், ஒன்பது பேர் கேட்கிறார்கள். வாசிக்கிறவருக்கு விடை கண்முன்னால் இருந்தால் ஒரு பார்வையில் கேள்வியையும் விடையையும் எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்திவிடலாம். விடைகளைக் கடைசிப் பக்கத்தில் போட்ட புத்தகமென்றால் ஒவ்வொரு தடவையும் முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டவேண்டும், விட்ட இடம் தொலைந்துவிடும், வாசிக்கிறவருக்கே தலை சுற்றும்.

அடுத்தது, எப்படி வகை பிரித்திருக்கிறார்கள் என்பது. 'பறவைகள்', 'காய்கறிகள்', 'வீட்டுப் பொருட்கள்' என்று விடையின்படி அத்தியாயம் பிரித்திருந்தால், மூன்றாவது கேள்வியிலேயே பிள்ளைகள் காய்கறிப் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் புத்தகம் கெட்டதில்லை. பக்கம் மாற்றி மாற்றி, ஒரு அத்தியாயத்துக்கு ஒன்று என்று எடுத்து வாசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது நீளம். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற கேள்வியாக இருக்கவேண்டும். ஏழெட்டு வரி, நாலு பாத்திரம் என்று கதையாகப் போகிற புதிரில், கடைசி வரி வரும்போது முதல் வரி காற்றோடு போயிருக்கும். பின் இருக்கையில் இருப்பவர்கள் "என்னது? திரும்பச் சொல்லுங்கோ" என்பார்கள்.

நாலாவது, எங்கள் ஊர்ச் சொல். இங்கே கிடைக்கிற புத்தகங்களில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே வேர்க்கடலை, இங்கே கச்சான். அங்கே பப்பாளி, இங்கே பப்பாசி. வெறும் விடுகதையென்றால் இதைச் சிரித்துக்கொண்டே தாண்டலாம். எழுத்தை எண்ணுகிற புதிரென்றால் தாண்டமுடியாது. வேர்க்கடலை ஆறெழுத்து, கச்சான் நாலெழுத்து. அம்மம்மா சரியான விடையைச் சொல்வா, புத்தகம் பிழை என்று சொல்லும். அப்படியான கேள்விகளைப் புறப்படுவதற்கு முதல்நாளே பென்சிலால் வெட்டிவிடுவது நல்லது.

தொல்காப்பியர் பிரித்த இரண்டு வகை

இவ்வளவும் புத்தகத்தைத் தெரிவு செய்வது பற்றி. எந்த வயதுக்காரருக்கு எந்த நொடியைக் கேட்பது என்பதற்குத் தொல்காப்பியமே உதவுகிறது. பொருளதிகாரத்தில் செய்யுளியல் என்ற பகுதியில் 'பிசி' என்ற வகை வருகிறது. பிசி என்றால் விடுகதை. அதைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, உவமையால் மறைப்பது. மற்றது, ஒரு பொருளில் தோன்றுவதை அப்படியே சொல்லி, கேட்பவரை முடிவுக்கு வரவைப்பது. இலக்கணப் பாடத்தில் இதைப் படித்தபோது சோதனைக்கான வரியாகத்தான் இருந்தது. வானுக்குள் அது நடைமுறை விதியாகிவிடுகிறது.

இரண்டாவது வகைக்கு என்னுடைய உதாரணம்: "ஊர் ஊராப் பேர் சொல்லிக்கொண்டு நிக்கும், ஒரு ஊருக்கும் போனதில்லை." விடை, வீதியோரப் பெயர்ப்பலகை. இதற்கு அனுபவம் தேவையில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். மழை தூறியபோது இன்னொன்று சொன்னேன்: "மழை வந்தா ரெண்டு பேரும் எழும்பி ஆடுவினம், மழை விட்டா ஒண்டாப் படுப்பினம்." ஆறு வயதுக்காரன் முன் கண்ணாடியைக் காட்டி "வைப்பர்!" என்று கத்தினான். பெரியவர்கள் ஒருவருக்கும் அது முதலில் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிற நொடியில் சின்னாக்கள் வென்றுவிடுவார்கள்.

முதல் வகை அப்படியில்லை. "ஒருத்தி எப்பவும் வாயைத் திறந்தபடி, அடிக்க அடிக்கப் பேசாள். அடிக்கிறவனுக்குக் காலில இரும்பு வளையம்." உரலும் உலக்கையும். உலக்கையின் அடியில் பூண் இருக்கும் என்று கண்டவருக்குத்தான் அந்த வளையம் விளங்கும். உவமையை அவிழ்க்க, பொருளோடு பழகியிருக்கவேண்டும். அம்மம்மாவுக்கு அது ஒரு வினாடி. ரொறன்ரோ மச்சாளுக்கு அது புதிரே இல்லை, வெறும் சத்தம். ஒரு புத்தகத்தில் இந்த வகை மட்டும் நிறைந்திருந்தால் முதல் அரை மணித்தியாலத்திலேயே இளசுகள் காதில் இயர்ஃபோனைச் செருகிவிடுவார்கள். ஆகவே ஒன்று இது, ஒன்று அது என்று மாற்றி மாற்றி வாசிக்கவேண்டும்.

தெரிந்தவர் விடை சொல்லக்கூடாது

வயது கலந்த கூட்டத்தில் விளையாட்டைக் கெடுப்பது விடை தெரியாதவர் இல்லை. எல்லாம் தெரிந்த சித்தப்பாதான். கேள்வி முடிய முதல் விடையைச் சொல்லிவிடுவார். அதற்கு நாங்கள் வைத்த விதி: விடை தெரிந்தவர் கையைத் தூக்கவேண்டும், விடையைச் சொல்லாமல் அதே பொருளுக்கு இன்னொரு வரி சேர்க்கவேண்டும். சேர்க்கிற வரி முதல் வரியைவிட இலேசாக இருக்கவேண்டும். விடையை வாயால் சொல்லும் உரிமை தூக்காதவர்களுக்கு மட்டும்.

சாவகச்சேரி தாண்டிப் போகும்போது நான் கேட்டது இது: "ஆயிரம் விசிறி வச்சிருக்கிறான், தனக்கு ஒருக்காலும் வீசினதில்லை." உடனே சித்தப்பாவின் கை எழும்பியது. வரி சேர்த்தார்: "கழுத்தில முட்டி கட்டினா இனிப்பாக் கண்ணீர் விடுவான்." அம்மாவும் கையைத் தூக்கினா: "அவன்ர பிள்ளையை மண்ணுக்குள்ள தாட்டு வச்சா, கிழங்கா எழும்பும்." சின்னவன் யோசித்தான். கடைசியாக அம்மம்மா: "அவன் இல்லாட்டி அந்தக் காலத்தில எங்களுக்குக் கூரை இல்லை, வேலி இல்லை, படுக்கப் பாய் இல்லை. யன்னலுக்கு வெளியில நிக்கிறான், பாருங்கோ." மச்சாள் வெளியே பார்த்தாள். "பனை?" என்று மெல்லமாகக் கேட்டாள். அவள் அன்றைக்குச் சொன்ன முதல் தமிழ்ச் சொல் அது.

இந்த விதியால் கிடைக்கிற நன்மை இரண்டு. அறிந்தவர் ஓய்வாக இருக்கமாட்டார், அவருக்குத்தான் கடினமான வேலை. புத்தகத்தில் இருக்கிற ஒரு வரி, ஆள் ஆளாக வளர்ந்து, ஆறு வயதுக்கு எட்டுகிற படியாக இறங்கி வரும். ஒரு பக்கத்துக்கு இருபது நொடி இருந்தாலும் ஒரு மணித்தியாலத்தில் பத்துக்கு மேல் போகாது. மெல்லிய புத்தகமே ஆறு மணித்தியாலத்துக்குப் போதும்.

இன்னொரு விதியும் வைத்தோம். விடையாக வந்த பொருளை ஒருவர் கண்டதே இல்லையென்றால், தெரிந்தவர் மூன்று வசனத்தில் அதை விளக்கவேண்டும். விளங்கிக்கொண்டவர் தன்னுடைய உலகத்திலிருந்து ஒரு நொடி போடவேண்டும். உரலை அம்மம்மா விளக்கினா. மச்சாள் கனநேரம் யோசித்து, மாமியிடம் இரண்டு சொல் கேட்டு, "வாலைச் சுவரில செருகினா வயிறு நிரம்பும்" என்றாள். அம்மம்மா உடனே, "கிரைண்டர்!" சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. "கிரைண்டர்ர வயித்தை நிரப்பிறது நாங்கள், வால் இல்லை" என்றான். விடுகதைக்கு ஒன்றுக்கு மேல் விடை வரலாம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் பொருந்தினால்தான் சரி. அதைச் சின்னவன் எங்களுக்கு முதல் பிடித்துவிட்டான். விடை ஃபோன். அம்மம்மா தன் மடியில் கிடந்த ஃபோனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், இதுக்கும் பசிக்கிறது தானே" என்றா.

வீதியே ஒரு புத்தகம்

முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியபிறகு நொடி சலித்துவிட்டது. எந்தப் புத்தகமும் மூன்று மணித்தியாலத்துக்குமேல் ஒரே மாதிரித் தாங்காது. அதற்கு நான் ஒரு கொப்பியில் A9 வீதி ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். யோசனை என்னுடையது இல்லை, தண்டியலங்காரத்தினுடையது. அதன் சொல்லணியியலில் சித்திரகவி வகைகள் சில வருகின்றன. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் சொல் விளையாட்டு.

வினாவுத்தரம் என்பது அதில் ஒன்று. சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்டு, வந்த விடைகளை ஒட்டினால் ஒரு புதிய சொல் கிடைக்கும். சின்னவனுக்கு: "சோறு எதால சாப்பிடுவாய்? அம்மம்மா நடக்க எதைப் பிடிப்பா? ரெண்டையும் சேர்த்தா நாங்கள் விடிய முதல் தாண்டின ஊர்." கை, தடி, கைதடி. பெரியவர்களுக்கு: "பேனை தந்து ஆசிரியர் என்ன சொல்லுவார்? அளவுக்கு இன்னொரு சொல் என்ன? அரசன்ர இடுப்பில என்ன தொங்கும்?" எழுது, மட்டு, வாள். எழுதுமட்டுவாள். கிளிநொச்சிக்கு ஒரு பாதியைப் பிள்ளைகள் சொல்வார்கள், மறுபாதியை வயதானவர்கள்தான் சொல்லவேண்டும். தடிமன் வந்தால் ஆவி பிடிக்கப் போடுகிற இலை நொச்சி என்று அம்மம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று அக்கரச்சுதகம். சொல்லிலிருந்து எழுத்தை உதிர்த்து உதிர்த்து வேறு சொல் எடுப்பது. அதையே மறுபக்கமாக, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் போனால் எழுத்து வருத்தனம். ஓமந்தைப் பலகை தெரிந்தபோது சின்னவனிடம் முதலெழுத்தை விழுத்தச் சொன்னேன். மந்தை வந்தது. அப்போது வீதியைக் கடந்து மாடுகள் போய்க்கொண்டிருந்தன, நான் ஒழுங்கு செய்யவில்லை. இன்னும் இரண்டு எழுத்தை விழுத்தினால் தை. 'கவலை' என்ற சொல் இதற்கு நல்ல பயிற்சி. முதலெழுத்தை எடுத்தால் மீனுக்கு வலை, நடுவெழுத்தை எடுத்தால் கலை.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. நாலெழுத்துவரை காதாலேயே விழுத்தலாம். ஐந்தெழுத்துக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு எழுதிப் பார்க்கவேண்டும், எழுதினால் மறுபடி தலைச்சுற்று. அதற்கு விரல்கள் உதவும். ஒரு விரலுக்கு ஒரு எழுத்து, எழுத்தை விழுத்தினால் விரலை மடக்கவேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட இதில் சேரலாம், ஏனென்றால் அது கேட்பது எழுத்தின் வடிவத்தை இல்லை, சத்தத்தை.

மதவாச்சிக்குப் பிறகு பெயர்கள் சிங்களப் பெயர்கள். பலகையில் தமிழிலும் எழுதியிருப்பார்கள், ஆனால் பிரித்தால் பொருள் வராது என்று நினைத்தோம். மிகிந்தலையில் 'தலை' இருந்தது. தம்புள்ளையில் 'புள்ளை' இருக்கிறது என்று சித்தி சொன்னா. அவை தற்செயலான தமிழ், பெயரின் உண்மைப் பொருள் இல்லை. சீகிரியாவுக்கு வந்தபோது அப்படியில்லை. சீ, கி, ரி, யா. நடுவில் 'கிரி' ஒளிந்திருக்கிறது. கிரி என்றால் மலை. சிங்ககிரி என்ற பெயர்தான் சீகிரியாவாக வந்தது. எங்கள் விளையாட்டு உண்மையையே தொட்ட ஒரு இடம் அது.

படியில் வாயை மூடவேண்டும்

மதியம் சாப்பிட்டு, வெயில் தணிய மூன்று மணிக்குப்பிறகு ஏறினோம். 1,200 படிகள் அளவில் இருக்கும். அம்மம்மாவின் முழங்கால் அதற்கு விடாது. அவவும் சித்தியும் கீழே தோட்டத்து நிழலில் இருந்தார்கள். மேலே போகிற வழியில் குளவிகள் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, சத்தம் போடவேண்டாம் என்று. அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது, குளவி கலைந்தால் ஓட இடமில்லாத படிகள் அவை. ஆகவே ஏறும்போது நொடியும் இல்லை, கத்தலும் இல்லை. பதிலாக, ஒவ்வொருவரும் கீழே இருக்கிற அம்மம்மாவுக்காக ஒரு பொருளைப் பார்த்துவைத்து, இறங்கியபிறகு நொடியாகச் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தம்.

தொல்காப்பியர் சொன்ன இரண்டாவது வகைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. தோன்றுவதைச் சொல்லவேண்டும், பெயரைச் சொல்லக்கூடாது, காணாத ஒருவர் அதைக் காணவேண்டும்.

அன்றிரவு தங்கின வீட்டுத் திண்ணையில் சின்னவன் தொடங்கினான்: "சிங்கம் போயிட்டுது, பாதத்தை மறந்திட்டுது." உச்சிக்குப் போகிற கடைசிப் படிகளின் இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய சிங்கப் பாதங்கள். தலையும் உடலும் அழிந்துபோய்ப் பாதம் மட்டும்தான் மிச்சம். மச்சாள் சொன்னது: "கையில பூ இருக்கு, இடுப்புக்குக் கீழ மேகம் இருக்கு, எவ்வளவு கேட்டாலும் கதைக்கமாட்டினம்." பாறையில் தீட்டியிருக்கிற பெண்கள். "ஆர் அவையள்?" என்று அம்மம்மா கேட்டா. அது இன்னும் அவிழாத நொடி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்து ஓவியங்கள். அரசனின் பெண்கள் என்று சிலர், தேவப் பெண்கள் என்று சிலர். தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவர்கள் மேகத்தையும் மின்னலையும் குறிப்பவர்கள் என்றார். உவமை என்று எடுக்கிறவர்களும் தோன்றுவதை அப்படியே எடுக்கிறவர்களும் அங்கேயும் பிரிந்துதான் நிற்கிறார்கள்.

என்னுடையது கண்ணாடிச் சுவர்: "முகம் தெரியக் கட்டினது, இப்ப மற்றவன்ர எழுத்துத்தான் தெரியுது." பளபளப்பாகத் தீட்டியிருந்த அந்தச் சுவரில் ஆயிரம் வருசத்துக்கு முந்திய ஆட்கள், மலை ஏறி வந்தவர்கள், தாங்கள் கண்டதைக் கவிதையாகக் கீறிவைத்திருக்கிறார்கள். பரணவிதான 685 பாடல்களை வாசித்து 1956இல் புத்தகமாகப் போட்டார். அவற்றில் பல அந்தப் பெண்களைப் பற்றியவை. இதை நான் சொல்லி முடிக்க அம்மம்மா, "அப்ப உங்களை மாதிரித்தான், ஏறிப்போய்க் கண்டதை ஆருக்கோ சொல்லியிருக்கினம்" என்றா. பிறகு மச்சாளிடம் திரும்பி, அந்தப் பூ என்ன நிறம், நகை போட்டிருந்தவையா, எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. மச்சாள் தமிழில் தேடித்தேடிப் பதில் சொன்னாள். சொல் வராத இடத்தில் கையால் காட்டினாள். நாங்கள் ஒருவரும் நடுவில் போகவில்லை.

திரும்பி வரும்போது விடுகதைப் புத்தகம் பைக்குள் இருந்தபடியே இருந்தது. கொப்பியின் பின்பக்கத்தில் எங்கள் பத்துப் பேரின் நொடிகள் பதினேழு இருந்தன, அதில் ஆறு அம்மம்மாவினுடையவை. அவ சொல்ல, மச்சாள் தமிழில் எழுதினாள். 'ழ' வருகிற இடங்களில் மட்டும் என்னிடம் கேட்டாள்.